முதியோர் இல்லத்துக்குப் புடவையா, சாப்பாடா, டயப்பரா?

அப்பாவின் திவசம், பிள்ளையின் பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம் என்று ஏதோ ஒன்றுக்கு முதியோர் இல்லம் போக முடிவாகும், கையில் பத்துப் பன்னிரண்டாயிரம் இருக்கும், வீட்டில் உடனே மூன்று கட்சி கிளம்பும். அம்மா ‘எல்லாருக்கும் புடவை வேட்டி எடுத்துடலாம்’ என்பார், அப்பா பக்கத்துச் சொந்தம் ‘ஒரு வேளை சாப்பாடு போடறதுதான் புண்ணியம்’ என்பார்கள், இளசுகள் ‘என்ன வேணும்னு கேட்டு வாங்கிக் கொடுக்கலாமே’ என்பார்கள். கடைசியாகச் சொன்னதோடு எனக்கு உடன்பாடு, ஆனால் அது மட்டும் போதாது. யாரிடம் கேட்கிறோம், எதைக் கேட்கிறோம் என்பதும் இருக்கிறது.

கணக்குக்கு ஓர் இல்லத்தை வைத்துக்கொள்வோம். செங்கல்பட்டுப் பக்கம், 30 பேர்: பெண்கள் 18, ஆண்கள் 12. அதில் 6 பேர் படுத்த படுக்கை. வேலை செய்பவர்கள் 5 பேர். நம் கையில் 12,000 ரூபாய். கீழே வரும் விலை எல்லாம் சுமாரான கடை விலை, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

முதலில் துணி. 450 ரூபாய்க்கு ஒரு புடவை, வேட்டி துண்டு சேர்த்து 325 என்று போட்டால் 12,000 சரியாகத் தீர்ந்துவிடும். எல்லாருக்கும் ஒன்று கிடைத்தது, படமும் நன்றாக வரும். ஆனால் தீபாவளி, பொங்கல் முடிந்த பிறகு எந்த இல்லத்தின் பீரோவையாவது திறந்து பாருங்கள், பிரிக்காத புடவைகள் அடுக்கி இருக்கும். காரணம் எளிது. பாதிப் பேர் தினசரி உடுத்துவது நைட்டி. இரவில் இரண்டு மூன்று தடவை பாத்ரூம் போகிறவர்களுக்கு ஆறு கஜம் காலில் சிக்கும், அதற்கேற்ற ஜாக்கெட்டும் இருக்காது, வழுவழு சிந்தெடிக் புடவை என்றால் இடுப்பில் நிற்கவே நிற்காது. துணி கொடுப்பதென்றால் முன்பக்கம் ஜிப்போ பட்டனோ வைத்த பருத்தி நைட்டி கொடுங்கள், தரையைக் கூட்டாமல் கணுக்காலுக்கு மேல் நிற்கிற உயரத்தில். முன்பக்கம் திறந்தால்தான் கை தூக்க முடியாதவருக்கு ஆயா ஒருவரே போட்டுவிட முடியும். ஆண்களுக்கு வேட்டியைவிட லுங்கியும், ஈரம் சீக்கிரம் காய்கிற மெல்லிய துண்டும் நன்றாகப் புழங்கும். எல்லார் துணியையும் ஒன்றாகப் போட்டுத் துவைப்பதால் மாறிப்போகும், அதனால் உள்பக்கம் அழியாத மார்க்கரில் பெயர் எழுதிக் கொடுத்தால் சண்டை குறையும்.

இதையும் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாழ்நாள் முழுக்கப் புடவையைத் தவிர வேறு உடுத்தாத பாட்டிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நைட்டி நீட்டினால் முகம் சுருங்கிவிடும். அப்படி நாலைந்து பேர்தான் என்றால் அவர்களுக்கு மட்டும் நல்ல நூல் புடவை எடுங்கள், முடிந்தால் இரண்டு மூன்று நிறம் கொண்டுபோய் அவர்களையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கணவர் இல்லாதவர் என்று நாமாகவே முடிவு செய்து வெளிர் நிறமாகப் பொறுக்கிக் கொண்டுபோகும் பழக்கம் ஒன்று இருக்கிறது பாருங்கள், அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அரக்குச் சிவப்பு கேட்கிற பாட்டி நிச்சயம் இருப்பார்.

அடுத்தது சாப்பாடு. இதில் இரண்டு வழி. ஒன்று, வெளியே ஹோட்டலில் ஆர்டர் கொடுத்து வடை பாயசத்தோடு கொண்டுபோய் இறக்குவது, ஆளுக்கு 120 என்றாலும் வேலையாட்களையும் சேர்த்து 35 பேருக்கு 4,200 ஆகும். இன்னொன்று, ஒரு வேளைக்கான பணத்தை இல்லத்திலேயே கட்டி அவர்கள் சமையலறையில் சமைக்கச் சொல்வது, ஆளுக்கு 80 வைத்தால் 2,800. நான் இரண்டாவதுக்குத்தான் ஓட்டுப் போடுவேன், அதுவும் காசு மிச்சமாகிறது என்பதற்காக இல்லை.

இல்லங்களில் மதியச் சாப்பாடு பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் அந்த நேரத்தை வைத்துத்தான் மருந்து எடுக்கிறார்கள். ஹோட்டல் வண்டி டிராஃபிக்கில் மாட்டி, நாம் ஒன்றரைக்குப் போய், அப்புறம் கேக் வெட்டி, படம் எடுத்து, இரண்டு மணிக்கு இலை போட்டால் என்ன ஆகும்? இன்சுலின் உள்ளே போயிருக்கும், சோறு போயிருக்காது. வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் அது சர்க்கரை இறங்குவதன் அடையாளம். வயதானவர்களில் சிலருக்கு இந்த அறிகுறிகூடத் தெளிவாகத் தெரியாது, சும்மா சோர்ந்து உட்கார்ந்திருப்பார்கள், நாம் வெயில் என்று நினைத்துக்கொள்வோம். போதாததற்கு, காலையில் செய்த பிரியாணியை மூடி வைத்து மூன்று நாலு மணி நேரம் கழித்துப் பரிமாறினால் நமக்கு லேசான வயிற்று வலியோடு போவது, எண்பது வயதுக்காரருக்கு வயிற்றுப்போக்காகி நீர் வற்றி, ஆஸ்பத்திரி வரை இழுத்துவிடும். இல்லத்துச் சமையலம்மாவுக்கு யாருக்குக் குழைய வேண்டும், யாருக்கு உப்புக் குறைக்க வேண்டும், யாருக்குப் பல்லே இல்லை என்பதெல்லாம் தெரியும். ஹோட்டலுக்குத் தெரியாது.

சாப்பாட்டில் இன்னொரு விஷயம் தேதி. அமாவாசை, ஞாயிறு, பண்டிகை, பெரிய முகூர்த்த நாள் எல்லாம் முன்கூட்டியே பதிவாகி இருக்கும், சில நாளில் ஒரே இல்லத்துக்கு இரண்டு கோஷ்டி இனிப்போடு வந்து நிற்கும். நடுவில் வருகிற செவ்வாய், புதன் காலியாகக் கிடக்கும். திவசத்துக்குத் தேதி மாற்ற முடியாது, சரி. பிறந்தநாள் என்றால் போன் பண்ணி ‘எந்த நாள் காலியா இருக்கு’ என்று கேட்டு அந்த நாளுக்குக் கட்டுங்கள், நீங்கள் ஞாயிறு போய்ப் பேசிவிட்டு வாருங்கள். பணம் ஒரு நாள், ஆள் ஒரு நாள், இதில் தப்பே இல்லை.

மூன்றாவது, யாரும் முதலில் நினைக்காதது: பெரியவர்களுக்கான டயப்பர். படுக்கையில் இருக்கும் 6 பேருக்கு ஒரு நாளைக்கு ஆளுக்கு மூன்று என்றாலே 18. ஒன்று 35 ரூபாய் வைத்தால் தினம் 630. அரிசி பருப்புக்குக் கொடுப்பவர்கள் உண்டு, புடவைக்குக் கொடுப்பவர்கள் உண்டு, இந்த 630-க்குக் கொடுப்பவர்கள் ரொம்பக் குறைவு. டயப்பர் தீர்ந்துவருகிற வாரத்தில் என்ன நடக்கும் என்றால், மூன்று மாற்ற வேண்டிய இடத்தில் இரண்டு மாற்றுவார்கள். ஈரம் தங்கித் தொடை இடுக்கு சிவந்து தோல் உரியும், அப்புறம் இடுப்பு எலும்புப் பக்கம் படுக்கைப் புண் வருவதற்கும் அது வழி விடும். பெட்ஷீட் துவைக்கிற வேலை ஆயா தலையில் ஏறும்.

வாங்குகிறபோது கவனிக்க வேண்டியது இரண்டுதான். பேண்ட் டைப், டேப் டைப் என்று இரண்டு வகை வரும். பேண்ட் டைப் ஜட்டி மாதிரி காலில் ஏற்றிப் போடுவது, எழுந்து நடப்பவருக்கு நல்லது. படுக்கையில் இருப்பவருக்கு அது வேண்டாம், ஒவ்வொரு தடவையும் காலைத் தூக்கி ஏற்றி இறக்க வேண்டும். பக்கவாட்டில் ஒட்டுகிற டேப் டைப் என்றால் ஒருபக்கமாகப் புரட்டி வைத்து மாற்றிவிடலாம். கடையில் பேண்ட் டைப்தான் முன்னால் அடுக்கி இருக்கும், அதைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள். இரண்டாவது அளவு. பெரிதாக இருந்தால் எல்லாருக்கும் ஆகும் என்று எக்ஸ்எல் வாங்குகிறார்கள், மெலிந்த உடம்பில் அது தொடைப் பக்கம் இடைவெளி விட்டு ஒழுகும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும் என்பதால் இப்போது பயன்படுத்துகிற பாக்கெட்டை வார்டனிடம் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்வது சுலபம், கூடவே எந்த அளவு எத்தனை பேருக்கு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கீழே விரிக்கிற அண்டர்பேட் கொஞ்சம் சேர்த்து வாங்கினால் டயப்பர் மாற்றும்போது படுக்கை நனையாது.

கொடுக்கிற விதமும் முக்கியம். டயப்பர் பாக்கெட்டை ஒருவர் கையில் கொடுத்துப் படம் எடுப்பது அவரை நாலு பேர் முன்னால் கூசவைப்பது. அது நேரே ஸ்டோர் ரூமுக்குப் போகட்டும்.

அப்படியானால் அவர்கள் கையில் எதைக் கொடுப்பது? வெறுங்கையோடு போய் உட்கார நமக்கும் ஒருமாதிரி இருக்கும்தான். லட்டு, ஜாங்கிரி வேண்டாம், பாதிப் பேருக்குச் சர்க்கரை இருக்கும், கொடுத்தால் மறுக்கவும் மாட்டார்கள், ராத்திரி நர்ஸ்தான் திண்டாடுவார். முறுக்கு, கடலை மிட்டாய் பல்செட்டுக்கு ஆகாது. நறுக்கிய பப்பாளி, மென்மையான சின்ன வாழைப்பழம் பரவாயில்லை, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர் எல்லாம் பொட்டாசியத்தை ஏற்றும், அதனால் பழத்தையும் நர்ஸிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்வதே நல்லது. மாத்திரை, சத்துப் பவுடர் போன்றவற்றை நாமாக வாங்கிக்கொண்டு போகவே கூடாது.

என்னைக் கேட்டால் கையில் கொடுக்கச் சிறந்தது செல்போன் ரீசார்ஜ். பலரிடம் ஒரு பட்டன் போன் இருக்கும், அமெரிக்காவிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ மகன் கூப்பிடுவான் என்று தலையணைக்கடியில் வைத்திருப்பார்கள். ரீசார்ஜ் முடிந்து நாளாகிவிட்டால் வருகிற அழைப்பும் நின்றுபோகும். அது தெரியாமல் ‘அவன் கூப்பிடறதே இல்ல’ என்று உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. ஒருவருக்கு ஒரு மாதத்துக்கு 200 ரூபாய் சுமாராக ஆகும், அங்கேயே உட்கார்ந்து போட்டுவிட்டு ஒரு தடவை அழைத்துப் பார்த்துவிட்டு வரலாம்.

ஆக நம் 12,000-ஐ நான் இப்படிப் பிரிப்பேன். டேப் டைப் டயப்பர் 180, அதாவது 6 பேருக்குப் பத்து நாளைக்கு: 6,300. அண்டர்பேட் ஒரு 40: 1,000. காலியான ஒரு புதன்கிழமைக்கு மதியச் சாப்பாடு: 2,800. பழம் 900. நாலு பேருக்கு ரீசார்ஜ் 800. மிச்சம் 200-க்கு நகவெட்டியும் துணியில் பெயர் எழுத மார்க்கரும். இந்தத் தடவை துணிக்கு எதுவும் இல்லை. அக்டோபர் நவம்பரில் போகிறீர்கள் என்றால் துணி தானாக வந்து குவியும், மார்ச்சிலோ ஜூனிலோ போகிறீர்கள் என்றால் பீரோவில் நைட்டி எத்தனை இருக்கிறது என்று கேட்டுவிட்டு அண்டர்பேட் பணத்தை அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

வரி விலக்கு பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 80ஜி சலுகை பொருளாகக் கொடுப்பதற்குக் கிடையாது, ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. பழைய முறையில் இருந்தால், அந்த இல்லத்துக்கு 80ஜி பதிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு சாப்பாட்டுப் பணத்தை வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.