240 வாட் கேபிளா, 10 ஜிபிபிஎஸ் கேபிளா?

ஃபைல் மாற்ற எதை எடுப்பது? இரண்டும் டைப்-சி கேபிள்கள்தான். முதலாவதில் 240 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கும். லேப்டாப்பையே வேகமாக சார்ஜ் செய்யும். ஆனால் அந்த எண் மின்சாரத்துக்கு மட்டும்தான். டேட்டாவுக்கு உள்ளே யூஎஸ்பி 2.0 கம்பி ஜோடி மட்டுமே இருக்கலாம். அதன் உச்சம் 480 எம்பிபிஎஸ். இது பிட் கணக்கு. பைட்டாக மாற்ற எட்டால் வகுத்தால் நொடிக்கு 60 எம்பி, நடைமுறையில் நொடிக்கு 40 எம்பி கிடைத்தாலே அதிகம். 20 ஜிபி வீடியோவை எஸ்எஸ்டிக்கு மாற்ற எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

இரண்டாவது 60 வாட், 10 ஜிபிபிஎஸ். சார்ஜ் கொஞ்சம் மெதுவாக ஏறலாம். ஆனால் அதிவேக டேட்டாவுக்கென்றே கூடுதல் கம்பி ஜோடிகள் இருப்பதால் அதே வீடியோ அரை நிமிடத்துக்குள் போய்விடும், இரு பக்கக் கருவிகளுக்கும் அந்த வேகம் இருந்தால். ஃபைல் மாற்ற நான் இதைத்தான் எடுப்பேன். அட்டையில் ஜிபிபிஎஸ் எண்ணே இல்லையா? 480 எம்பிபிஎஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.