வீடியோ அழைப்புக்கு ஒரு பெரிய எழுத்துத் தாள்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப்புறப் பெரியவர்கள், கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளை வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவதற்கான படிகளைச் சொல்லும் தாள் இது. ஏ4 அளவு, ஒரு பக்கம்தான். கைமாறி நெடுநாள் புழங்கியதில் எது நின்றது, எது தடுக்கியது என்பதை மட்டும் எழுதுகிறோம்.

எழுத்தின் அளவு 18 பாயிண்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. கண் மங்கினால் தமிழில் முதலில் மறைவது மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளிதான். அதற்காக முழுவதையும் தடித்த எழுத்தில் போட்டால் ண, ஞ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். சாதாரண எழுத்தே போதும், வரி இடைவெளியை 1.5 ஆக வையுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட தாள் குழல்விளக்கின் கீழ் பளபளக்கிறது. பளபளப்பில்லாத கெட்டித் தாளே நல்லது.

படிகளை எழுதும்போது, என்ன தட்டவேண்டும் என்பதோடு, தட்டியபின் என்ன தெரியும் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். அதுவும் வேறெங்கும் வராத அடையாளமாக இருக்கவேண்டும். “கேமரா படத்தைத் தட்டுங்கள், உங்கள் முகம் தெரியும்” என்ற வரி ஏமாற்றிவிடும். ஏனென்றால் கீழே, எழுதும் பெட்டிக்குள்ளும் ஒரு கேமரா படம் உண்டு. அது போட்டோ எடுப்பதற்கு. அதைத் தட்டினாலும் திரையில் முகம் வரலாம். பாட்டி “ஹலோ, ஹலோ” என்று சொல்லிக்கொண்டே இருப்பார், மகளுக்கு அழைப்பே போயிருக்காது. இப்படி மாற்றினால் சரியாக வருகிறது:

“மகள் பெயருக்கு நேராக, திரையின் மேல்பக்கம் இருக்கும் கேமரா படத்தைத் தட்டுங்கள். அழைக்கலாமா என்று கேட்டால், சரி என்று தட்டுங்கள். மகள் பெயருக்குக் கீழே Ringing என்று வந்தால் அவர் போனில் மணி அடிக்கிறது. Calling என்றே நின்றால் அழைப்பு இன்னும் அவர் போனுக்குப் போய்ச் சேரவில்லை. பிறகு கூப்பிடுங்கள்.”

அந்த இரண்டு சொற்களையும் திரையில் தெரிகிறபடியே அச்சிடுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்காவிட்டாலும் உருவத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிடுகிறார்கள்.

தாள் சரியாக இருந்தும் சிலருக்குத் திரை ஒத்துழைக்காது. தட்டும்போது விரல் சற்று அதிக நேரம் தங்கினால், போன் அதை அழுத்திப் பிடித்ததாக எடுத்துக்கொண்டு வேறு பட்டியலைத் திறந்துவிடும். சாம்சங் போனில் Accessibility பகுதிக்குள் Touch and hold delay என்பதை Long ஆக மாற்றினால் இது குறையும். பல வருடம் பால்மரம் சீவிக் காய்த்துப்போன விரலைத் திரை உணராவிட்டால், Display பகுதியில் Touch sensitivity இருக்கிறதா என்று பார்த்து அதைப் போட்டுவிடுங்கள். இந்த இரண்டையும் பெரியவரிடம் விடாமல், பிள்ளைகளே செய்துகொடுப்பது நல்லது.

போனின் எழுத்தையும் பெரிதாக்கினால் பெயர்கள் பாதியில் வெட்டுப்படும். “கோலாலம்பூர் செல்வி”, “கோலாலம்பூர் ராஜா” இரண்டும் “கோலாலம்…” என்று ஒரே மாதிரி நிற்கும். “செல்வி”, “ராஜா” என்று பெயரை முன்னால் போட்டுச் சேமித்தால் குழப்பம் வராது.