'தண்ணீர் வர': இரண்டு வருடம் எஸ்எம்எஸ் பாட் ஒன்றோடு

பக்கத்துத் தெரு குடியிருப்பின் செயலாளர் நேற்றுக் கேட்டார்: "சார், உங்க பாட் எப்படி இருக்கு, நாங்களும் வாங்கலாமா?" அவருக்கு வாயால் சொன்னது பாதி. மீதி இங்கே.

பாட் என்றால் தானாக ஓடும் ஒரு நிரல், அது செய்யும் வேலை சின்னது. டெலிகிராம் குழுவில் நான் அறிவிப்பு போட்டால், ஒரு பழைய ஆண்ட்ராய்ட் போன் வழியாக, பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு அதையே எஸ்எம்எஸ்ஸாக அனுப்பும். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அனுப்பாமல் இருந்ததில்லை. நெட் இல்லாத போனுக்கும் ஒரு நிமிடத்தில் போய்விடும். இதில் குறை சொன்னால் நாக்கு அழுகும்.

ஆனால் அது வெட்டும். ஒரு செய்திக்கு ஒரு எஸ்எம்எஸ்தான் என்று கணக்கு வைத்து, மிஞ்சியதைத் தூக்கிப் போட்டுவிடும். ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட் இடம்தான். ஆங்கிலத்தில் அது 160 எழுத்து. நடுவில் ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் மொத்தச் செய்தியும் இரண்டு பைட் முறைக்கு மாறி, கொள்ளளவு 70 ஆகிவிடும். சரி, 70 எழுத்து போதாதா என்று நானும்தான் நினைத்தேன். அந்த 70 நாம் எண்ணும் எழுத்து இல்லை. 'து' நமக்கு ஒன்று, அதற்கு 'த', உகரக் குறி என இரண்டு. புள்ளியும் தனிக் கணக்கு.

போன வருடம் நான் போட்டது இது:

நாளை காலை 6 முதல் 9 மணி வரை மாடித் தொட்டி சுத்தம் செய்வதால் தண்ணீர் வராது

இடைவெளியும் சேர்த்து நம் கண்ணுக்கு 47. அந்தப் பாட் கணக்கில் 73. கடைசி மூன்றை வெட்டியது. 'வராது' என்பதில் காலும் 'து'வும் போய், 'தண்ணீர் வர' என்று நின்றது. மூன்றாம் மாடிப் பாட்டி அதை 'வரும்' என்று படித்துக்கொண்டு, ஒரு குடம்கூடப் பிடிக்காமல் காத்திருந்தார். காலை ஏழு மணிக்கு வாங்கிய திட்டு எனக்கு.

இதில் கடுப்பு என்னவென்றால், வெட்டு விழுந்ததே தெரியாது. பைட் கணக்கில் எழுத்தின் நடுவே வெட்டியிருந்தால் கட்டமோ கேள்விக்குறியோ வந்து காட்டிக்கொடுத்திருக்கும். இது குறியை மட்டும் உதிர்த்துவிட்டு முழு எழுத்தைப் போல நிற்கிறது. புள்ளி போனால் 'பால்' 'பால' ஆகும், அவ்வளவுதான். அதோடு தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. வருமா வராதா, உண்டா இல்லையா எல்லாம் அந்த வாலில்தான் இருக்கிறது. வாலைத்தான் இந்தப் பாட் வெட்டுகிறது.

இன்னொரு வேடிக்கை. வேறொரு கோப்பிலிருந்து அதே வாக்கியத்தை எடுத்து ஒட்டிப் பார்த்தேன், 'தண்ணீர் வ' என்று முடிந்தது. அந்தக் கோப்பில் 'தொ'வின் கொம்பும் காலும் இரண்டு குறிகளாகக் கிடந்தன. சாதாரணமாகத் தட்டினால் அது ஒரே குறி. திரையில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் இல்லை.

புகார் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து அப்டேட் வந்தது: இனி வெட்டாது, இரண்டு எஸ்எம்எஸ்ஸாகப் பிரிக்கும். எங்கே பிரித்தார்கள்? அதே 70இல். இரண்டாவது செய்தி 'ாது' என்று தொடங்கியது. ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாத காலுக்கு என் போன் ஒரு புள்ளி வட்டம் போட்டுக் கொடுத்தது. பாட்டியின் போனில் வெறும் கட்டம். வெட்டும் வழியே தேவலை என்று அதற்கே திரும்பிவிட்டேன்.

வெட்டத்தான் வேண்டுமென்றால், கடைசி இடைவெளி வரை பின்னால் போய் வெட்டினால் போதும்:

```python
import unicodedata
s = unicodedata.normalize("NFC", text)
if len(s) > 70:
    s = s[:69].rsplit(" ", 1)[0] + "…"
```

முதலில் பிரிந்த 'தொ'வை ஒன்றாக்கிவிடும். அப்புறம் 'தண்ணீர்…' என்று நிற்கும். மூன்று புள்ளியைப் பார்த்தால் பாட்டி போன் போட்டாவது கேட்பார். இமோஜிக்கு இந்தக் கணக்கு தப்பும், ஏனென்றால் எஸ்எம்எஸ்ஸில் பெரும்பாலான இமோஜிகள் இரண்டு இடமாவது பிடிக்கும். எங்கள் குழுவில் குப்பை அறிவிப்புக்கு யாரும் இமோஜி போடுவதில்லை. இந்த நாலு வரியை எழுதி அனுப்பியும் வைத்தேன். 'பரிசீலிக்கிறோம்' என்று பதில் வந்தது, முழுதாக, வெட்டுப்படாமல்.

இப்போது நான்தான் மாறிவிட்டேன். 'தண்ணீர் வராது: நாளை காலை 6 முதல் 9 வரை' என்று தலைகீழாக எழுதுகிறேன். தமிழாசிரியராக இருந்த என் அப்பா பார்த்தால் தலையில் குட்டுவார்.

செயலாளருக்கு 'வாங்காதீங்க' என்றுதான் சொன்னேன். சாயங்காலம் எங்களுடையதற்கு அடுத்த வருடப் பணத்தையும் கட்டிவிட்டு வந்தேன்.