ஏ.சி. சர்வீஸ் கடையில் அக்ரூவல் கணக்கு: நான்கு வருட அனுபவம்

மதுரையில் சின்னதாக ஏ.சி. சர்வீஸ் கடை நடத்துகிறேன். ஆரம்பத்தில் எல்லாமே ரொக்க முறைதான். பணம் கைக்கு வந்தால் வருமானம், கையை விட்டுப் போனால் செலவு. ஒவ்வொரு வேலைக்கும் அன்றே காசு வந்த காலத்தில் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏ.எம்.சி., போடத் தொடங்கியதும்தான் கணக்கு என்னை ஏமாற்றியது.

அந்த வருடம் மார்ச் 1 முதல் 12 மாதத்துக்கு 60 பேர் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஜி.எஸ்.டி. போக ரூ.4,800. மொத்தம் ரூ.2,88,000, ஒரே மாதத்தில் வந்துவிட்டது. மற்ற ரிப்பேர் வேலைகளில் ரூ.90,000 வந்தது. சம்பளம், வாடகை, கேஸ், உதிரிபாகம் என்று போனது ரூ.1,62,000. ரொக்க முறையில் மார்ச் மாத லாபம் ரூ.2,16,000! அந்த நம்பிக்கையில் ஏப்ரலில் இரண்டாவது வேனுக்கு முன்பணம் கட்டினேன். மே மாதம் பசங்க நாள் முழுக்க ஏ.எம்.சி. வீடுகளுக்கே ஓடினார்கள். அந்த வேலைக்குப் புதிதாகக் காசு வராது. காசு தரும் ரிப்பேர் அழைப்புகளுக்கு அனுப்ப ஆள் இல்லை. ஜூனில் சம்பளத்துக்கே கடன் வாங்கினேன்.

அப்புறம் ஆடிட்டர் அதே மார்ச் மாதத்தை அக்ரூவல் முறையில் போட்டுக் காட்டினார். வேலை எந்த மாதத்தில் நடந்ததோ அந்த மாதத்து வருமானம், பயன் எந்த மாதத்தில் கிடைத்ததோ அந்த மாதத்துச் செலவு. ஏ.எம்.சி. பணத்தில் மார்ச்சுக்கு உரியது பன்னிரண்டில் ஒரு பங்கு, ரூ.24,000. மீதி ரூ.2,64,000 இன்னும் செய்யாத வேலைக்கு வாங்கிய பணம், ஆகவே அது பொறுப்பு. ஒரு அடுக்குமாடியில் மார்ச் 28-ல் முடித்த ரூ.45,000 வேலைக்கு ஏப்ரலில்தான் பில் போட்டிருந்தேன். அது மார்ச் வருமானத்தில் சேர்ந்தது. செலவுப் பக்கம், ஏப்ரலில் வரப்போகும் இரண்டு மாதக் கரண்ட் பில்லில் மார்ச் பங்கு ரூ.3,500. ஜனவரியில் கட்டிய ரூ.18,000 வேன் இன்சூரன்ஸில் ஒரு மாதப் பங்கு ரூ.1,500. வருமானம் ரூ.1,59,000, செலவு ரூ.1,67,000. நான் லாபம் என்று நினைத்த மாதம் ரூ.8,000 நஷ்டம்.

அதிலிருந்து மாதக் கடைசியில் டேலியில் F7 அழுத்தி ஜர்னலில் சரிக்கட்டுப் பதிவுகள் போடுகிறோம். ஏ.எம்.சி.க்கு மார்ச் 31-ல் போட்டது இது:

```
ஏ.எம்.சி. வருமானம்            பற்று  2,64,000
  முன்கூட்டிப் பெற்ற வருமானம்   வரவு  2,64,000
```

ஏப்ரல் முதல் மாதாமாதம் ரூ.24,000-க்கு இதைத் திருப்பிப் போட்டால் அடுத்த பிப்ரவரி முடிவில் முன்கூட்டிப் பெற்ற வருமான லெட்ஜர் பூஜ்யமாகும். முதல் வருடம் இங்கேதான் தவறினோம். கொடுபட வேண்டிய கரண்ட் செலவை ஏப்ரல் 1-ல் முழுதாகத் திருப்பிய பழக்கத்தில் இதையும் முழுதாகத் திருப்பிவிட்டு, மாதப் பதிவையும் போட்டோம். ஏப்ரல் வருமானத்தில் ரூ.2,88,000 ஏறிவிட்டது. வரவில் நிற்க வேண்டிய லெட்ஜர் ரூ.24,000 பற்றில் நின்றதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். கரண்ட் பில்லை முழுதாகத் திருப்புவது சரிதான். பில் வந்து பதிவாகும்போது இரண்டும் கழிந்து, மதிப்பீட்டுக்கும் பில்லுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஏப்ரலில் நிற்கும். ஏ.எம்.சி. அப்படியல்ல, வேலை நடக்க நடக்கத்தான் கரைய வேண்டும்.

கோடையில்தானே வேலை அதிகம், சர்வீஸ் எண்ணிக்கைப்படி பிரித்தால் என்ன என்றும் யோசித்தோம். எங்கள் ஒப்பந்தத்தில் எந்த மாதம் ஏ.சி. நின்றாலும் போயாக வேண்டும். அதனால் சம பங்கே பொருத்தம் என்று முடிவு செய்தோம். வருடத்துக்கு மூன்று வாட்டர் சர்வீஸ் மட்டும், வேறு எதுவும் இல்லை என்று ஒப்பந்தம் போடுகிறவர் சர்வீஸ் கணக்கில் பிரிப்பதே சரி.

ஜி.எஸ்.டி. இந்தப் பிரிப்பைப் பார்க்காது. சேவைக்கு முன்பணம் வாங்கினால் வாங்கிய மாதத்துக்கே வரி. ரூ.2,88,000-க்கு 18 சதவீதம், ரூ.51,840, அந்த மாதக் கணக்கிலேயே வந்துவிட்டது. வருமான வரியில், தனிநபர் தொழிலுக்கு 1961 சட்டத்தின் 145-ஆம் பிரிவு இரண்டு முறைகளையும் ஏற்றது. எடுத்த முறையைத் தொடர்ந்து பின்பற்ற வேண்டும். எனவே மாறிய வருடத்தில் பழைய பாக்கிகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்தோம். இல்லாவிட்டால் போன வருடம் முடித்த வேலைக்கு இந்த வருடம் வரும் பணம் இரண்டு வருடத்திலும் வருமானமாக ஏறாமல் போயிருக்கும்.

அக்ரூவலால் எனக்கு வந்த சிரமம் ஒன்று உண்டு. அந்த அடுக்குமாடி பணம் தர மூன்று மாதம் ஆனது. புத்தகத்தில் லாபம், வங்கியில் இல்லை. அதனால் சனிக்கிழமைதோறும் ஒரு தாளில் வங்கி இருப்பு, அடுத்த நான்கு வாரத்தில் வரும் பணம், கட்ட வேண்டியது என மூன்றையும் எழுதுகிறேன். வேன் வாங்கலாமா என்பதற்கு மாத லாபக் கணக்கைப் பார்க்கிறேன். எந்தத் தேதியில் வாங்கலாம் என்பதற்கு அந்தத் தாள்.