கம்ப்யூட்டர் சீட்டில் ஒரு பவர், கண்ணாடியில் வேறு பவர்

வேலூரில் ஆப்டிகல்ஸ் கடைப் பலகைகளில் ‘கம்ப்யூட்டர் கண் பரிசோதனை’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து கண்ணாடி போடுகிறவன் சொல்கிறேன், அந்த மெஷின் சோதனைக்கு ஆரம்பம் மட்டும்தான்.

தாடையை வைத்து உள்ளே பார்த்தால் சாலைக் கோடியில் ஒரு பலூன் மங்கித் தெளியும். மெஷின் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, விழித்திரையில் பட்டுத் திரும்புவதை வைத்து பவரைக் கணக்கிடுகிறது. நாம் வாயைத் திறக்கவே வேண்டாம். கண் தூரத்தைப் பார்ப்பதுபோலத் தளர வேண்டும் என்றுதான் பலூனை மங்கலாக்குகிறார்கள். ஆனால் பார்ப்பது பக்கத்திலிருக்கும் பெட்டிக்குள் என்பதால் சில கண்கள் பக்கத்துப் பொருளைப் பார்ப்பதுபோல முறுக்கிக்கொள்ளும். அப்போது மைனஸ் கூடுதலாகக் காட்டும். இருந்தாலும் கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லாததைச் சரிசெய்யும் சிலிண்டர் பவரும் அதன் கோணமும் சில நொடிகளில் ஏறக்குறைய கிடைத்துவிடுவதால், சோதிப்பவர் பூஜ்யத்திலிருந்து தேட வேண்டியதில்லை.

போன முறை என் வலது கண்ணுக்கு மெஷின் அச்சிட்டுத் தந்த சீட்டில் SPH -3.00, CYL -1.25, AX 170. ஆரணி ரோட்டுப் பக்கம் சோதித்த அம்மா அதை ஓரமாக வைத்துவிட்டு, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் கனமான ட்ரையல் ஃபிரேமை மூக்கில் மாட்டி இடது கண்ணை மறைத்தார். -2.50 போட்டதும் கடைசி வரி படிக்க வந்தது. மேலே கால் பவர் சேர்த்து, “இப்போ தெளிவா இருக்கா, இல்ல எழுத்து சின்னதா கறுப்பா தெரியுதா?” என்று கேட்டார். சின்னதாகத்தான் தெரிந்தது. உடனே அந்தக் கால் பவரை எடுத்துவிட்டார். சிவப்பு, பச்சைக் கட்டத்தில் பச்சை எழுத்து தூக்கலாகத் தெரிந்தால் மைனஸ் அதிகம் என்று பொருளாம். அப்புறம் கைப்பிடி வைத்த சிறு லென்ஸைத் திருப்பித் திருப்பி, “இதுவா, அதுவா?” முடிவில் -2.50, -0.75, 180. அந்த ஃபிரேமோடு வராண்டாவில் நடக்கவிட்டு, படியிறங்கிப் பார்க்கச் சொன்னார்.

நடக்கச் சொன்னதன் அருமை எனக்குத் தெரியும். முன்பு ஒரு கடையில் சீட்டில் உள்ளதை அப்படியே லென்ஸாக்கிக் கொடுத்தார்கள். எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது, ஆனால் தரை சாய்ந்தாற்போல் இருந்தது, சாயங்காலமானால் நெற்றிப்பொட்டில் வலி. சிலிண்டரும் கோணமும் பழைய கண்ணாடியிலிருந்து சட்டென மாறினால் இப்படி ஆகும்.

மெஷினுக்குள் பார்க்கும்போது கண் முறுக்கிக்கொள்வது குழந்தைகளுக்கு இன்னும் பலம். குடியாத்தத்தில் இருக்கும் தங்கை மகனுக்கு மெஷின் -1.50 காட்டியது, கண்ணைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததில் -0.25தான். அவனுக்குக் கண்ணாடியே எழுதவில்லை.

ட்ரையல் லென்ஸிலும் ஒரு சிக்கல் உண்டு. அது நம் பதிலை நம்பித்தான் நடக்கிறது. பாதித் தூக்கத்தில், “ரெண்டும் ஒண்ணுதான் மேடம்” என்று அவசரப்பட்டால் பவர் தவறலாம். உண்மையிலேயே இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் அதைத் தயங்காமல் சொல்லலாம். அந்தக் கைப்பிடி லென்ஸைத் திருப்பிச் செய்யும் சோதனையில் அந்தப் பதில் வரும் இடத்தில்தான் நிறுத்துகிறார்கள்.