"பரவால்ல"யா, "இட்ஸ் ஓகே"யா?

வீட்டுக்கு வர நேரமாகும் என்று துணைக்குச் செய்தி அனுப்ப வேண்டும். நான்கு விதமாக அடிக்கலாம். "வர லேட் ஆகும் டா." "ஐ வில் பி லேட்." "வர லேட் ஆகும், நீ தூங்கிடு, டோன்ட் வெயிட்." "வருவதற்குத் தாமதமாகும்." விஷயம் ஒன்றுதான். ஆனால் படிப்பவர் மனதில் நான்கும் ஒரே மாதிரி இறங்காது.

முதல் செய்தியில் 'லேட்' இருப்பதால் அதை ஆங்கிலக் கலப்பு என்பார்கள். எனக்கு அது கலப்பாகவே தெரியவில்லை. 'ஆகும்' என்ற தமிழ் வினை அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு போகிறது. "மிஸ் பண்றேன்", "டென்ஷன் ஆகாத" எல்லாம் இதே வகை. ஆங்கிலச் சொல் எத்தனை இருந்தாலும் வாக்கியம் தமிழாக நடக்கிறது. இதனால் நெருக்கம் குறைவதில்லை. வீட்டில் பேசுவதும் இப்படித்தானே.

கவனிக்க வேண்டிய இடம் வாக்கியத்தின் வால். தமிழில் யாரிடம் பேசுகிறோம், எந்த உரிமையில் பேசுகிறோம் என்பதெல்லாம் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். "வந்தியா", "வந்தீங்களா", "வந்தாச்சா மா", "வந்துட்டல்ல" என்று மாறும்போது உறவே கொஞ்சம் இடம் மாறுகிறது. "ஹேவ் யூ ரீச்ட்?" என்பதில் இந்த வால் கிடையாது. அந்த 'யூ' கணவனுக்கும் பொருந்தும், மேலாளருக்கும் பொருந்தும். முழு ஆங்கில வாக்கியம் ஆறிப்போனதாகத் தோன்ற இதுதான் முக்கியக் காரணம். மூன்றாவது செய்தியில் "நீ தூங்கிடு" முன்னால் வந்துவிடுவதால், பின்னால் வரும் "டோன்ட் வெயிட்" குளிர்வதில்லை.

நான்காவதை மறந்துவிடக் கூடாது. "வருவதற்குத் தாமதமாகும்" என்பது சுத்தமான தமிழ். ஆனால் தம்பதிக்குள் அது ஆங்கிலத்தைவிடத் தூரமாகக் கேட்கும். எழுத்துத் தமிழும் வீட்டுத் தமிழும் நமக்கு வேறு வேறு. "நீ கூறியது புரிந்தது" என்று ஒரு செய்தி வந்தால், ஒன்று விளையாட்டு, இல்லையென்றால் சண்டை.

இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டது ஒரு மாலையில். அன்று என் அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும், என் கணவரும் வருவதாக ஏற்பாடு. எங்களுக்குள் போன செய்திகள் இவை:

அவர்: மீட்டிங் முடியல மா. லேட் ஆகும்.
நான்: இன்னைக்கு டாக்டர்னு சொன்னேன்ல?
அவர்: மறந்தே போச்சு. சாரி மா.
நான்: இட்ஸ் ஓகே. ஐ வில் மேனேஜ்.
அவர்: ப்ளீஸ் டோன்ட் பி லைக் திஸ்.
நான்: ஐ ஆம் ஃபைன்.

சண்டை எங்கே தொடங்கியது என்று கேட்டால், பலரும் இரண்டாவது செய்தியைக் காட்டுவார்கள். கோபம் அங்கே வெளிப்படையாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் "சொன்னேன்ல" என்பதில் அந்த 'ல' அவரைப் பதிலுக்குக் கூப்பிடுகிறது. குறை சொல்லும்போதே கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவரும் "சாரி மா" என்று வந்தார். அந்தச் 'சாரி' ஆங்கிலமே அல்ல, 'மா' ஒட்டியதும் அது நம் சொல்லாகிவிட்டது. "மன்னித்துவிடு" என்று அவர் எழுதியிருந்தால் எனக்கு யாரோ எழுதியது போல இருந்திருக்கும்.

கதவு மூடியது நான்காவது செய்தியில், என் கையால். "பரவால்ல" என்று எழுதியிருந்தால் அவர் மறந்ததை ஏற்றுக்கொண்டதாக ஆகியிருக்கும். மனதில் அது இல்லை. "கோவமா இருக்கேன்" என்று சொல்லவும் அப்போது மனம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே நின்றுகொள்ள ஆங்கிலம் இடம் கொடுத்தது. அவர் செய்த தவறு, நான் போன மொழியிலேயே பின்னால் வந்தது. இரண்டு பேரும் அலுவலகக் கடிதம் எழுதுவது போல ஆனோம். பத்து நிமிடம் எதுவும் இல்லை. அப்புறம் அவரிடமிருந்து இரண்டே சொல்: "கோவமா இருக்கியா?" நான் "ஆமா" என்று அடித்தேன். அன்று நான் எழுதிய முதல் உண்மையான பதில் அதுதான்.

ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் 1982-இல் வெளிவந்த தன் நூலில் இதைப் போன்ற ஒன்றைக் காட்டியிருக்கிறார். ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசும் வீட்டில், "இங்கே வா" என்று குழந்தையை ஸ்பானிஷில் கூப்பிட்டுவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினால் அது எச்சரிக்கை. ஆங்கிலத்தில் தொடங்கி ஸ்பானிஷுக்கு மாறினால் அது கெஞ்சல். மாறுகிற திசைதான் பேசுகிறது. தம்பதிகளின் செய்தியிலும் அப்படியே. நாள் முழுக்க ஆங்கிலத்திலேயே எழுதிக்கொள்ளும் ஜோடிக்கு "இட்ஸ் ஓகே" வெறும் "பரவால்ல"தான். அதனால் தனியாக ஒரு செய்தியை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. அதற்கு மேலே உள்ள பத்துச் செய்திகளைப் பார்க்க வேண்டும். அவற்றில் 'டா', 'மா', 'ல்ல' இருந்து, இதில் மட்டும் காணாமல் போயிருந்தால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

அப்படியானால் தமிழ் சூடு, ஆங்கிலம் குளிர் என்று வைத்துக்கொள்ளலாமா? கூடாது. தூரம் தேவைப்படும் நேரங்கள் உண்டு. வேலை போன அன்று அவர் எனக்கு "ஐ ஆம் ஸ்கேர்ட்" என்று அனுப்பினார். "பயமா இருக்கு" என்று அவரால் எழுத முடிந்திருக்காது. அந்தச் சொற்கள் சிறுவயதிலிருந்து கூடவே வருபவை, வாயைத் திறந்தாலே கண் கலங்கிவிடும். 2003-இல் துருக்கி மொழியும் ஆங்கிலமும் பேசுகிறவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், சிறுவயதில் கேட்ட திட்டுகளைத் தாய்மொழியில் கேட்டபோது தோலின் மின்கடத்தல் கூடுதலாக மாறியது, அதாவது உடம்பே பதில் சொன்னது. பின்னால் கற்ற மொழியில் அந்த வேகம் குறைவு. அந்தக் குறைவுதான் அன்று அவருக்குக் கைகொடுத்தது. ஆங்கிலத்தில் வந்தது என்பதால் நான் விலகலாக எடுத்திருந்தால் பெரிய பிழை. நான் தமிழில் பதில் எழுதினேன்: "நான் இருக்கேன்ல."

காதல் சொல்லும் இதே ரகம். "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்று யாரும் வீட்டில் சொல்வதில்லை, அது மேடைத் தமிழாகவே நின்றுவிட்டது. "ஐ லவ் யூ" கூச்சத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, ஆனால் தினமும் எழுதினால் கையெழுத்துப் போலத் தேய்ந்துவிடும். என் கணக்கில் "லவ் யூ டா" இரண்டையும்விட மேல். கூச்சத்தை ஆங்கிலம் எடுத்துக்கொள்கிறது, உரிமையை 'டா' பார்த்துக்கொள்கிறது.

ஆங்கிலம் இருவருக்கும் சமமாக வராத வீட்டில் இந்தக் கணக்கு மாறிவிடும். சண்டையின் நடுவில் ஒருவர் சரளமான ஆங்கிலத்துக்குப் போனால், மற்றவர் பதிலை யோசிப்பதற்கு முன் இலக்கணத்தை யோசிக்க வேண்டியிருக்கும். அங்கே விலகல் என்பதோடு முடிவதில்லை, அது மேலே ஏறி நின்று பேசுவது. எவ்வளவு கோபமானாலும் அந்த வீட்டில் வீட்டுத் தமிழிலேயே சண்டை போடுவதுதான் நியாயம்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. நான் முழு ஆங்கிலத்துக்குப் போனால் அவர் ஆங்கிலத்தில் பின்தொடர்வதில்லை. "என்ன மா" என்று மட்டும் அனுப்புகிறார்.