முந்திரி ஆலை விபத்து: முதல் அறிக்கைக்கு மூன்று வரைவுகள்

மார்த்தாண்டம் அருகே ஒரு முந்திரி ஆலையில், நம் பக்கத்து வழக்கில் சொன்னால் ஓர் அண்டி ஆபீசில், பிற்பகல் 2.40 மணிக்குக் கொட்டை அவிக்கும் குக்கரிலிருந்து நீராவி பீறிட்டு, நான்கு பெண் தொழிலாளர்கள் காயமடைந்ததாக வைத்துக்கொள்வோம். நிர்வாகம் வெளியிட வேண்டிய முதல் அறிக்கைக்கு மாலை 5 மணிக்குள் இரண்டு வரைவுகள் தயாராகிவிடுகின்றன.

மேலாளர் எழுதியது: “எதிர்பாராத சிறு விபத்தில் சிலருக்கு லேசான காயம் ஏற்பட்டது. குக்கரின் மூடியை முன்கூட்டியே திறந்ததே காரணம் எனத் தெரிகிறது. அனைவரும் நலமாக உள்ளனர்.”

வழக்கறிஞர் எழுதியது: “நிகழ்வு விசாரணையில் உள்ளதால் நிர்வாகம் கருத்துக் கூற இயலாது.”

இரண்டாவதில் பொய் இல்லை. ஆனால் ஆலை வாசலில் நிற்கும் குடும்பத்தாருக்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. காயமடைந்தவர்கள் எந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள் என்று சொல்வதை எந்த விசாரணையும் தடுப்பதில்லை.

முதலாவது அதைவிட ஆபத்தானது. நீராவி சுட்ட புண்ணின் ஆழம் முதல் நாளிலேயே முழுமையாகத் தெரியாது. மேலோட்டமாகத் தோன்றும் புண் இரண்டு மூன்று நாட்களில் ஆழமாகக்கூடும் என்பதால், ‘லேசான காயம்’ என்பது மருத்துவர் சொல்லாத வரை வெறும் ஊகம். மூடியைப் பற்றிய வாக்கியமோ, படுக்கையில் கிடக்கும் தொழிலாளியின் மீதே பழியைப் போடுகிறது. உள்ளே அழுத்தம் இறங்காதிருந்ததா, அழுத்தமானி தவறாகக் காட்டியதா, பாதுகாப்பு வால்வு அடைத்திருந்ததா என்பதைக் கருவியைச் சோதித்த பிறகுதான் சொல்ல முடியும். ‘எனத் தெரிகிறது’ என்ற ஒட்டு இந்தக் குற்றச்சாட்டை மென்மையாக்குவதில்லை, அதைச் சொன்னவர் யார் என்பதை மறைக்க மட்டுமே உதவுகிறது.

நான் பரிந்துரைப்பது இந்த மூன்றாவது வடிவம்:

“இன்று பிற்பகல் 2.40 மணிக்கு எங்கள் ஆலையின் அவிக்கும் பிரிவில் குக்கரிலிருந்து நீராவி வெளியேறியதில் நான்கு தொழிலாளர்கள் காயமடைந்தனர். அவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் நேர்ந்த இந்தத் துயரத்துக்காக மிகவும் வருந்துகிறோம். நால்வரும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெறுகின்றனர். குடும்பத்தாருடன் எங்கள் அலுவலர் இருவர் அங்கே உள்ளனர். அவிக்கும் பிரிவு மூடப்பட்டுள்ளது. காரணம் இன்னும் தெரியவில்லை. ஆய்வு செய்யும் அதிகாரிகளுக்கு எல்லாப் பதிவேடுகளையும் அளிப்போம். இவை மாலை 5 மணி வரை உறுதியான தகவல்கள். அடுத்த அறிக்கை இரவு 8 மணிக்கு.”

‘வெடித்தது’ என்று எழுதாமல் ‘வெளியேறியது’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு: கலன் பிளந்ததா என்பது இன்னும் தெரியாது, நீராவி வந்தது மட்டுமே கண்ணால் கண்டது. காயத்தின் அளவைக் குறிப்பிடாததும், உறவினர்களுக்குத் தகவல் போய்ச் சேரும் முன் பெயர்களை வெளியிடாததும் அதே கவனத்தால்தான். வருத்தம் இரண்டாவது வாக்கியத்தில் வருவது, யாருக்கு என்ன நேர்ந்தது என்று சொன்ன பிறகே அது வெற்றுச் சடங்காகத் தோன்றாது என்பதால்.

இவ்வடிவத்துக்கும் ஒரு சுமை உண்டு. இரவு 8 மணிக்குப் புதிதாக எதுவும் தெரியாவிட்டாலும், தெரியவில்லை என்பதையே எழுதி வெளியிட வேண்டும். இடையில் எவருடைய நிலையாவது மோசமானால், குடும்பத்திடம் நேரில் சொல்லிய பின், 8 மணிக்குக் காத்திராமல் திருத்திய அறிக்கையை உடனே தர வேண்டும்.